தொழில் யோசனைக்கு முன் நான்கு பட்டியல்கள்: திறன், தொடர்பு, உடைமை, ஓய்வு நேரம் ஆகியவற்றைக் கணக்கெடுக்கும் முறை

சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் பலர் முதலில் ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு என்னென்ன வேண்டும் என்று பிறகு தேடுகிறார்கள். இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று எழுதிப் பார்த்து, அதிலிருந்து எந்தத் தொழில் பிறக்கக்கூடும் என்று கேட்பது அந்த வழி. மேலாண்மை ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி, அனுபவம் மிக்க தொழில்முனைவோர் எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இந்த இரண்டாம் வழியைத்தான் விளக்குகிறது. நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்னும் மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கி, அவற்றுக்கான விடைகளைக் கொண்டு எதைச் செய்ய முடியும் என்று பார்ப்பதே அதன் சாரம்.

வேலையில் இருந்துகொண்டே தொழில் தேடுபவர், திறன், தொடர்பு, உடைமை ஆகிய மூன்றோடு நான்காவதாக ஓய்வு நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திறனும் தொடர்பும் உடைமையும் தாளில் நன்றாகத் தெரியும் ஒரு யோசனை, வாரத்தில் அதற்கு ஒதுக்கக்கூடிய நேரம் எவ்வளவு, அது எந்த வேளையில் அமைகிறது என்பதைப் பார்க்காததால் பயனற்றுப் போய்விடலாம். எனவே நான்கு பட்டியல்களில் நேரப் பட்டியலை முதலில் தொடங்குவோம்.

விளக்கத்துக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் ஒரு தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கில் ஒன்பது ஆண்டுகளாக இருப்புப் பதிவேட்டைக் கவனித்து வரும் பெண். வீட்டில் நல்ல தையல் இயந்திரம் ஒன்று இருப்பதால், தொழில் என்றாலே தையல்தான் அவர் நினைவுக்கு வருகிறது. அவருடைய பட்டியல்கள் எப்படி நிரம்புகின்றன என்பதை ஒவ்வொரு படியிலும் பார்க்கலாம்.

முதல் படி: நேரத்தை இரண்டு வாரம் பதிவு செய்தல்

ஒரு குறிப்பேட்டையோ எக்செல் தாளையோ எடுத்து, விழித்திருக்கும் நேரத்தை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு நாளும் தூங்கப் போவதற்கு முன் அன்றைய கட்டங்களை நிரப்பிவிட வேண்டும். வார இறுதியில் நினைவிலிருந்து எழுதினால், நடந்ததை விட்டுவிட்டு வழக்கமாக நடக்க வேண்டியதை எழுதிவிடுவோம். வேலை, பயணம், வீட்டுப் பொறுப்பு, ஓய்வு, தொழிலுக்குக் கொடுத்திருக்கக்கூடிய நேரம் என்று ஐந்து வகை போதும். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை ஐந்தாவது வகையில் சேர்க்கும் ஆசை வரும். அந்த நேரத்தில் உடலும் மனமும் வேலைக்குத் தயாராக இருந்தனவா என்று பார்த்து, இல்லையென்றால் ஓய்வில் சேருங்கள். ஓய்வை முழுவதுமாகச் சுரண்டி உருவாக்கும் அட்டவணை இரண்டு மாதம்கூட நிலைக்காது.

இரண்டு வாரம் முடிந்ததும், இரண்டிலும் ஒரே கிழமையில் ஒரே வேளையில் கிடைத்த நேரத்தை மட்டும் வட்டமிடுங்கள். இதைத் திரும்ப வரும் நேரம் என்று அழைப்போம். வாடிக்கையாளரிடம் நாள் குறித்து வாக்குக் கொடுக்க இந்த நேரம் மட்டுமே பயன்படும். ஒரு வாரம் கிடைத்து மறு வாரம் கிடைக்காத நேரத்தைப் பின்னணி வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி வேலையை ஏற்கக் கூடாது.

நம் கிடங்குப் பதிவாளர், பதிவுக்கு முன் தம்மிடம் வாரத்துக்கு 20 மணி நேரம் இருப்பதாக நினைத்தார். பதிவில் முதல் வாரம் 15 மணி நேரமும் இரண்டாம் வாரம் 11 மணி நேரமும் வந்தன. இரண்டிலும் பொதுவாக வந்தது எட்டரை மணி நேரம். அதில் சனிக்கிழமை பிற்பகல் 2 முதல் 5 வரை மூன்று மணி நேரமும், ஞாயிறு காலை 7 முதல் 10.30 வரை மூன்றரை மணி நேரமும் தொடர்ச்சியானவை. மீதி இரண்டு மணி நேரம், வேலை நாட்களின் இரவில் நான்கு அரை மணிகளாகச் சிதறிக் கிடந்தது.

மொத்தத்தைக் காட்டிலும் அந்த நேரத்தின் தன்மையே அதிகம் பேசும். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் மூன்று குறிப்புகள் எழுதுங்கள்: இடையில் யாராவது கூப்பிடுவார்களா, அந்த வேளையில் கவனமாக வேலை செய்யும் தெம்பு இருக்கிறதா, நான் சேவை செய்ய நினைக்கும் மனிதர்களை அப்போது அணுக முடியுமா. இரவு பத்து மணிக்குக் கிடைக்கும் அரை மணியில் கணக்கு எழுதலாம், ஒரு கடைக்காரரைத் தொலைபேசியில் அழைக்க முடியாது. அதேபோல், ஒரு வேலைக்கு மேசையை ஒழுங்குசெய்து தொடங்கவும் முடித்து எடுத்துவைக்கவும் இருபது நிமிடம் ஆகுமென்றால், அரை மணித் துண்டு அந்த வேலைக்கு ஏறக்குறையப் பயனற்றது.

இரண்டாம் படி: திறன்களைச் செயல்களாக எழுதுதல்

நேரப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வாரத்திலேயே மற்ற மூன்று பட்டியல்களையும் எழுதலாம். அவற்றில் மிகவும் தவறாக எழுதப்படுவது திறன் பட்டியல்தான். வேலை விண்ணப்பம் எழுதிப் பழகியவர்கள் "நல்ல தொடர்பாற்றல்", "குழுவாகப் பணியாற்றும் திறன்", "கணினி அறிவு" என்று எழுதிவிடுகிறார்கள். இவற்றை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. எனவே பெயர்களாகவும் பண்புகளாகவும் எழுதாமல், நடந்து முடிந்த செயலாக எழுத வேண்டும். என்ன செய்தேன், யாருக்காகச் செய்தேன், அதனால் என்ன மாறியது, எவ்வளவு நேரம் பிடித்தது ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்தில் வரட்டும்.

கிடங்குப் பதிவாளர் முதலில் எழுதியது "இருப்பு மேலாண்மை" என்ற இரண்டு சொற்கள். அதைச் செயலாக விரித்தபோது பல வாக்கியங்கள் வந்தன. பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்கும் அலமாரியில் உள்ள எண்ணிக்கைக்கும் இடையே வேறுபாடு வரும்போது, அது நுழைவுப் பிழையா, அளவு மாற்றப் பிழையா, பொருள் இடம் மாறியதா என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். ஒழுங்காக அடுக்கிய அலமாரிகளில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 150 வகைப் பொருள்களை எண்ணிப் பதிவு செய்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்களும் குழம்பாதபடி பொருள்களுக்குக் குறியீடு வகுத்துக் கொடுத்திருக்கிறார். இந்த மூன்று வாக்கியங்களும் தனித்தனியே விற்கக்கூடிய சேவைகள். "இருப்பு மேலாண்மை" என்ற சொல்லில் இவை எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

நமக்கு எளிதாக வருவது நம் கண்ணுக்குத் திறனாகவே தெரிவதில்லை என்பதால், உள்ளே தேடுவதோடு வெளியிலும் தேட வேண்டும். கடந்த ஆறு மாதத்துச் செய்திகளையும் மின்னஞ்சல்களையும் புரட்டி, மற்றவர்கள் உங்களிடம் எதற்கு உதவி கேட்டிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஒரே வகை உதவியை ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று பேர் கேட்டிருந்தால், அது முதல் தரச் சான்று. பிறகு, உடன் வேலை பார்த்த ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்து, மிகையானதை அடிக்கவும் விடுபட்டதைச் சேர்க்கவும் சொல்லுங்கள். நெருங்கிய உறவினர் இதற்கு ஏற்றவரல்லர், ஏனென்றால் நீங்கள் வேலை செய்வதை அவர் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே இரண்டு சோதனைகளை நடத்துங்கள். முதலாவது, நிறுவனத்தின் மென்பொருள், பெயர், உதவியாளர்கள் ஆகியவை இல்லாமல் இதை என்னால் தனியே செய்ய முடியுமா? பெரிய நிறுவனத்தில் வெற்றிகரமாகப் பேரம் பேசியவரின் திறமையில் ஒரு பகுதி, அந்த நிறுவனம் வாங்கும் அளவின் பலமாக இருக்கலாம். இரண்டாவது, இதைப் பணம் வாங்கிக்கொண்டு செய்ய உரிமமோ தகுதிச் சான்றோ வேண்டுமா? மருத்துவம், சட்டம், மின்சார வேலை, கணக்குத் தணிக்கை போன்றவற்றில் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

மூன்றாம் படி: தொடர்புகள்

கைபேசியில் ஆயிரம் எண்கள் இருப்பது பட்டியலாகாது. முப்பதிலிருந்து நாற்பது பேர் போதும், ஆனால் ஒவ்வொருவருக்கும் எதிரே சில விவரங்கள் இருக்க வேண்டும்: அவர் அன்றாடம் எந்த வகைச் சிக்கல்களைச் சந்திக்கிறார், கடைசியாக எப்போது பேசினோம், அவருக்கு நான் என்ன செய்திருக்கிறேன், அவரிடம் நியாயமாக எதைக் கேட்கலாம்.

இந்தக் கடைசி விவரத்துக்குப் படிநிலை உண்டு. தகவல் கேட்பது மிக எளியது. இன்னொருவரை அறிமுகம் செய்துவைக்கக் கேட்பது அதற்கு மேற்பட்டது, ஏனென்றால் அவர் தம் பெயரை உங்களுக்காக முன்வைக்கிறார். ஒரு முறை சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கேட்பது இன்னும் கடினம், பணம் கொடுத்து வாங்கச் சொல்வது எல்லாவற்றிலும் கடினம். பத்தாண்டுகளாகப் பேசாத ஒருவரிடம் தகவல் கேட்கலாம், வாங்கச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பெயருக்கும் இன்றைய நிலையில் எந்தப் படிவரை போகலாம் என்று நேர்மையாக எழுதுங்கள்.

பட்டியல் முழுவதும் உறவினர்களாலும் நெருங்கிய நண்பர்களாலும் நிரம்பிவிட்டால் அது ஓர் எச்சரிக்கை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர்கள் வழியாகப் புதிய வேலை பெற்றவர்களிடம், அந்தத் தகவலைத் தந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான், மற்றவர்கள் எப்போதாவதோ மிக அரிதாகவோ சந்தித்தவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், சற்றுத் தொலைவில் உள்ளவர்தான் நாம் அறியாத வட்டத்திலிருந்து செய்தி கொண்டுவருவார் என்பதே அவர் தந்த விளக்கம். அது வேலை தேடுவதைப் பற்றிய ஆய்வு என்றாலும், வாடிக்கையாளரைத் தேடும்போதும் இதே காரணம் செயல்படும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. எனவே பழைய சக ஊழியர், ஒரு முறை பயிற்சி வகுப்பில் சந்தித்தவர், பொருள் கொண்டுவந்து இறக்கும் ஓட்டுநர் போன்றோரைப் பட்டியலில் வேண்டுமென்றே சேருங்கள்.

இங்கே ஓர் எல்லைக்கோடு உண்டு. உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலும், அலுவல் காரணமாக மட்டுமே கிடைத்த தொலைபேசி எண்களும் உங்கள் உடைமையல்ல. பணி ஒப்பந்தத்தில் வெளிவேலை, போட்டித் தொழில், இரகசியக் காப்பு பற்றிய பிரிவுகள் இருக்கின்றனவா என்று இந்தக் கட்டத்திலேயே எடுத்துப் படித்துவிடுங்கள். கிடங்குப் பதிவாளர் தம் நிறுவனத்துக்குப் பொருள் தரும் விற்பனைப் பிரதிநிதிகளின் பெயர்களை இதனால்தான் பட்டியலிலிருந்து நீக்கினார். மிஞ்சியவர்களில் மூன்று பேர் முக்கியமானவர்கள்: வேலையை விட்டு வாகன உதிரிபாகக் கடை வைத்த பழைய சக ஊழியர், எழுதுபொருள் கடை நடத்தும் தோழி, பல சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒரு தூரத்து அறிமுகம்.

நான்காம் படி: உடைமைகள்

இதில் அதிகம் தங்க வேண்டியதில்லை. கருவி, வாகனம், இடம், இணைய இணைப்பு, பிறருடைய ஒரு பொருளைப் பயன்படுத்தும் அனுமதி என எல்லாவற்றையும் எழுதி, அவை யாருடன் பகிரப்படுகின்றன, எந்த வேளையில் உங்களுக்குக் கிடைக்கும், பழுதானால் மாற்று என்ன என்று குறியுங்கள். உங்களுக்கு ஞாயிறு காலை நேரம் இருந்து, வாகனம் அந்த வேளையில் குடும்பத்தில் வேறொருவரிடம் இருந்தால், தாளில் இருக்கும் வாகனம் தொழிலுக்கு இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான காப்பீடு வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லாமல் போகலாம் என்பதால், அதன் விதிகளையும் பாருங்கள்.

பணத்தை எழுதும்போது "முதலீடு எவ்வளவு திரட்டலாம்" என்று கேட்காதீர்கள். முழுவதும் போய்விட்டாலும் வீட்டுச் செலவும் கடன் தவணையும் அவசரக் கையிருப்பும் பாதிக்கப்படாத தொகை எவ்வளவு என்று கேட்டு, அந்த ஒரு எண்ணை எழுதுங்கள். தாங்கக்கூடிய இழப்பை முதலில் வரையறுப்பது சரஸ்வதியின் ஆய்விலும் முக்கியமான இடம் பெறுகிறது. குடும்பத்தில் பொறுப்பைப் பகிர்பவர் இருந்தால், அந்த எண்ணை இருவரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும்.

இந்தப் பட்டியலின் ஆபத்து, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் பொருள் சிந்தனையைத் தன் பக்கம் இழுத்துவிடுவது. தையல் இயந்திரம் வீட்டில் இருப்பதாலேயே தையல்தான் தொழில் என்று தோன்றுகிறது. ஆனால் அவருடைய திறன் பட்டியலில், அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துப் பிறர் திரும்பக் கேட்டதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. அவரிடம் இருக்கும் மடிக்கணினியும், ஞாயிறு காலையில் அவருக்கே கிடைக்கும் இரு சக்கர வாகனமும் பட்டியலின் கீழே கவனிக்கப்படாமல் இருந்தன.

ஐந்தாம் படி: பட்டியல்களைக் கோத்தல்

நான்கு தாள்களையும் ஒரு மேசையில் பரப்பி வைத்து, கீழ்க்கண்ட வாக்கியத்தை நிரப்புங்கள். "___ என்னும் சிக்கல் உள்ள ___ போன்றவர்களுக்கு, வாரத்தில் ___ நேரத்தில், ___ கொண்டு, ___ செய்து தருவேன், முதலில் ___ இடம் பேசுவேன்." நேரத் துண்டிலிருந்து தொடங்கி, பிறகு திறன், அதன்பின் தொடர்பு, இறுதியாக உடைமை என்ற வரிசையில் நிரப்புவது நல்லது. ஒவ்வொரு கோடிட்ட இடமும் நீங்கள் எழுதிய தாள்களிலிருந்தே நிரம்ப வேண்டும். தாளில் இல்லாத ஒன்றை எழுத நேர்ந்தால், அதன் கீழ் கோடு போடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு கோடு இருந்தால் அது நிரப்பக்கூடிய குறை. இரண்டுக்கு மேல் இருந்தால், அந்த யோசனை உங்கள் கையிருப்பிலிருந்து பிறந்ததில்லை, வெளியிலிருந்து வந்தது.

பதிவாளர் மூன்று வாக்கியங்கள் எழுதினார். தையல் வாக்கியத்தில் திறன், தொடர்பு, வாடிக்கையாளரின் சிக்கல் ஆகிய மூன்றின் கீழும் கோடு விழுந்தது. எக்செல் கற்பிக்கும் வாக்கியத்தில் தொடர்பின் கீழ் மட்டும் கோடு விழுந்தது. மூன்றாவது வாக்கியம் கோடில்லாமல் நிரம்பியது: பதிவேட்டு இருப்பும் உண்மை இருப்பும் பொருந்தாத சிறு கடைகளுக்கு, ஞாயிறு காலையில், மடிக்கணினியும் வாகனமும் கொண்டு, மாதம் ஒரு முறை சரக்கை எண்ணி வேறுபாட்டுக்கான காரணத்தைக் கண்டு சொல்வது, முதலில் உதிரிபாகக் கடை வைத்த பழைய சக ஊழியரிடம் பேசுவது.

வாக்கியம் நிரம்பியதும் அளவைக் கணக்கிட வேண்டும். ஞாயிறு காலை மூன்றரை மணி நேரத்தில், போய்வர ஒரு மணி நேரம் போகிறது. மீதி இரண்டரை மணியில் அரை மணியைச் சந்தேகமான எண்ணிக்கைகளை மறுபடி எண்ண வைத்துக்கொண்டால், எண்ணுவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும். மணிக்கு 150 வகை என்றால் 300 வகை. கடையின் அடுக்கு கிடங்கைப் போல ஒழுங்காக இருக்காது என்பதால், முதல் முறைக்கு 200 வகை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பதிவேட்டோடு ஒப்பிட்டு அறிக்கை எழுத அடுத்த சனிக்கிழமையின் மூன்று மணி நேரம் இருக்கிறது. எனவே வாரத்துக்கு ஒரு கடை, மாதத்துக்கு நான்கு கடை என்பதே இந்த யோசனையின் உச்ச வரம்பு. கட்டணத்தை முடிவுசெய்யும்போது, நான்கு கடைகளிலிருந்து வருவது, வாரந்தோறும் தாம் கொடுக்கும் சனி, ஞாயிறு வேளைகள் இரண்டுக்கும் ஈடாகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். ஈடாகாது என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஆயிரம் வகை வைத்திருக்கும் கடை விருப்பத்தோடு அழைத்தாலும், மறுக்க வேண்டும் அல்லது பகுதி பகுதியாக எண்ண ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது.

பட்டியல் பொய் சொல்கிறதா என்று அறிதல்

ஒரே மாலையில் எழுதி முடிக்கப்பட்ட பட்டியல்களை நம்பாதீர்கள், குறிப்பாக நேரப் பட்டியல் அப்படி எழுதப்பட்டிருந்தால். இதைவிட நுட்பமான பிழை, மனத்தில் ஏற்கெனவே இருந்த யோசனைக்கு ஏற்றபடி நான்கு தாள்களையும் நிரப்பிவிடுவது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: உங்களுக்குப் பிடித்த அந்த யோசனையோடு எந்தத் தொடர்பும் இல்லாத வரிகள் ஒவ்வொரு தாளிலும் பாதியாவது இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா வரிகளும் ஒரே திசையைக் காட்டினால், கணக்கெடுப்பு நடக்கவில்லை என்று கொள்ளலாம். அந்த யோசனையைத் தனித்தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, திறன் தாளையும் தொடர்புத் தாளையும் மறுபடி எழுதுங்கள்.

நிரம்பிய வாக்கியமும் இன்னும் ஓர் ஊகம்தான். அதைச் சோதிக்கத் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களிடம் பேசும்போது, "இப்படி ஒரு சேவை தந்தால் வாங்குவீர்களா" என்று கேட்காதீர்கள். தெரிந்தவர்கள் மனம் நோகாதிருக்க ஆம் என்று சொல்லிவிடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது சரக்கை எண்ணினீர்கள், யார் எண்ணினார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று, கணக்கு பொருந்தாதபோது என்ன செய்தீர்கள் என்பவை பதிவாளர் கேட்க வேண்டிய கேள்விகள். ஆண்டுக்கு ஒரு முறைகூட எண்ணாதவர், அதை ஒரு சிக்கலாக உணரவில்லை என்று பொருள். தாமே இரவு முழுவதும் எண்ணிக் களைத்தவரோ, எண்ண ஆள் வைத்துப் பணம் கொடுத்தவரோ கிடைத்தால், சிக்கல் உண்மையானது.

ஒவ்வொரு உரையாடலுக்குப் பின்னும், கேட்டதைத் தொடர்புத் தாளில் அவர் பெயருக்கு எதிரே தேதியோடு எழுதுங்கள், அவர் சொன்ன புதிய பெயர்களைக் கீழே சேருங்கள். மூன்று பேரில் இருவருக்கு அந்தச் சிக்கலே இல்லை என்று தெரிந்தால், முழு வாக்கியத்தையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. நேரத்தையும் உடைமையையும் அப்படியே வைத்துக்கொண்டு, திறன் தாளின் அடுத்த வரியை, பதிவாளரைப் பொறுத்தவரை பொருள்களுக்குக் குறியீடு வகுத்துத் தரும் அந்த வரியை, அதே இடத்தில் பொருத்தி மறுபடி எழுதிப் பாருங்கள்.